ஃபெரிட்டின் 24,600: தம்பியை வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாமா?

கடிதத்தின் சுருக்கம், வாசகியின் வார்த்தைகளிலேயே:

"டாக்டர், நாங்கள் பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சின்ன டவுனில் இருக்கிறோம். என் தம்பிக்கு 38 வயது, குலை வெட்டும் வேலை. இன்றோடு 11 நாளாகக் காய்ச்சல். மூன்றாம் நாள் கிளினிக்கில் டிங்கி டெஸ்ட் எடுத்தார்கள், இல்லை என்று வந்தது. ஏழாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அன்று ஹீமோகுளோபின் 11.8, பிளேட்லெட் 71,000, ஃபெரிட்டின் 3,400. தினமும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி போடுகிறார்கள், காய்ச்சல் 39க்குக் கீழே வரவே இல்லை. இன்று ஹீமோகுளோபின் 8.4, வெள்ளணு 1,700 (அதில் நியூட்ரோபில் 800), பிளேட்லெட் 29,000, ஃபெரிட்டின் 24,600. ட்ரைகிளிசரைடு 4.1, ஃபைப்ரினோஜன் 1.1. ஸ்கேனில் மண்ணீரல் வீங்கியிருக்கிறதாம். எச்.எல்.எச் என்று சந்தேகம், எலும்பு மஜ்ஜை எடுக்க வேண்டும், ஸ்டீராய்டு ஆரம்பிக்க வேண்டும் என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும் என்று அம்மா அழுகிறார். இது இரத்தப் புற்றுநோய்தான், நம்மிடம் மறைக்கிறார்கள் என்கிறார் மாமா. இரும்புச் சத்து ஏறிவிட்டது என்று நினைத்து முருங்கைக்கீரையை நிறுத்திவிட்டோம், பப்பாளி இலைச் சாறு மட்டும் ரகசியமாகக் கொடுக்கிறோம். கிருமி இருக்கும்போது ஸ்டீராய்டு கொடுத்தால் எதிர்ப்புச் சக்தி போய்விடாதா? சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்துவிடலாமா?"

அன்புள்ள சகோதரி,

கடிதம் கிடைத்த அன்றிரவே போனில் சுருக்கமாகச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன், முதலில் அதே வார்த்தை: கூட்டி வராதீர்கள். உங்கள் தம்பியின் வியாதி நாள் கணக்கில் இல்லை, மணிக் கணக்கில் மோசமாகக்கூடியது. அந்த வார்டு டாக்டர்கள் சரியான திசையில்தான் யோசிக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது, அது உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. அதற்குக் கொஞ்சம் கீழே வருகிறேன்.

அந்த எண் இரும்பைப் பற்றியது இல்லை

ஃபெரிட்டின் என்பது இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம், அது உண்மைதான். சாதாரணமாக ஓர் ஆணுக்கு நானூறுக்குள் இருக்கும், குறைந்தால் இரும்புச் சத்து போதவில்லை என்கிறோம். அதனால் கூடினால் இரும்பு கூடிவிட்டது என்று நினைப்பது இயல்பு. ஆனால் நான்கு நாளில் 3,400லிருந்து 24,600க்கு ஏறுவதற்கு எந்தக் கீரையாலும் முடியாது. இந்த ஃபெரிட்டின் வருவது மேக்ரோபேஜ் என்ற செல்களிடமிருந்தும், அடிபட்டிருக்கும் கல்லீரலிலிருந்தும். மேக்ரோபேஜ் நம் உடம்பின் துப்புரவுத் தொழிலாளி மாதிரி. கிருமியை விழுங்கும், பழைய சிவப்பணுவை விழுங்கி அதிலுள்ள இரும்பைப் பத்திரப்படுத்தும். அது அளவுக்கு மீறி முடுக்கிவிடப்படும்போது ஃபெரிட்டினை இரத்தத்தில் கொட்டுகிறது. முருங்கைக்கீரை ஒரு பாவமும் செய்யவில்லை.

ஏன் முடுக்கிவிடப்படுகிறது? வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதவை ஒன்று இருக்குமே, தண்ணீர் நிரம்பியதும் மேலே வந்து குழாயை அடைத்துவிடும். நம் எதிர்ப்புச் சக்தியிலும் அப்படி ஒரு மிதவை உண்டு. கிருமி வந்ததும் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் பெருகுகின்றன, இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞையை அனுப்பி மேக்ரோபேஜ்களை எழுப்புகின்றன. மேக்ரோபேஜ்கள் பதிலுக்குச் சமிக்ஞைகள் அனுப்பி டி செல்களை இன்னும் பெருக்குகின்றன. வேலை முடிந்ததும் டி செல்களும், என்.கே செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்களும் பெர்ஃபோரின் என்ற புரதத்தால் ஓட்டை போட்டு, கிருமி புகுந்த செல்களையும், தங்களை உசுப்பிக்கொண்டே இருந்த செல்களையும் கொன்றுவிடும். அதுதான் மிதவை. எச்.எல்.எச், முழுப் பெயரில் ஹீமோபேகோசைட்டிக் லிம்ஃபோஹிஸ்டியோசைட்டோசிஸ், அந்த மிதவை சிக்கிக்கொண்ட நிலை. இரண்டு வகைச் செல்களும் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டே போகும், நிறுத்த ஆள் இருக்காது.

உங்கள் தம்பியின் மற்ற எண்கள் எல்லாம் இதிலிருந்து வருகின்றன. வெறிகொண்ட மேக்ரோபேஜ்கள் எலும்பு மஜ்ஜைக்குள்ளேயும் மண்ணீரலிலும் சொந்தச் சிவப்பணு, வெள்ளணு, பிளேட்லெட்டை விழுங்குகின்றன. அதே சமிக்ஞைகள் மஜ்ஜையின் உற்பத்தியையும் அமுக்கிவிடுகின்றன. அதனால்தான் மூன்றும் சேர்ந்து விழுகின்றன, பிளேட்லெட் ஏற்றினாலும் மறுநாள் காணாமல் போகிறது. ஃபைப்ரினோஜன் என்ற உறைபுரதம் கரைக்கப்படுகிறது. கொழுப்பை உடைக்கும் என்சைம் தடைபடுவதால் ட்ரைகிளிசரைடு ஏறுகிறது.

டாக்டர்கள் இதை எப்படி முடிவு செய்கிறார்கள் என்றால், 2004ல் வகுத்த எட்டு அடையாளங்கள் இருக்கின்றன, அதில் ஐந்து இருந்தால் எச்.எல்.எச் என்று எடுத்துக்கொள்ளலாம். உங்கள் கடிதத்தில் உள்ளதை வைத்தே எண்ணுகிறேன்: விடாத காய்ச்சல் ஒன்று, பெருத்த மண்ணீரல் இரண்டு, அணுக்கள் விழுந்தது மூன்று, 3க்கு மேல் ட்ரைகிளிசரைடும் 1.5க்குக் கீழ் ஃபைப்ரினோஜனும் சேர்த்து நான்கு, 500க்கு மேல் ஃபெரிட்டின் ஐந்து. மஜ்ஜை எடுக்கும் முன்பே ஐந்து வந்துவிட்டது. ஆனால் இந்தப் பட்டியல் முக்கியமாகக் குழந்தைகளை வைத்து உருவானது, பெரியவர்களுக்குக் கடுமையான கிருமித் தொற்று மட்டும் இருந்தாலும், சிறுநீரகமோ கல்லீரலோ கெட்டாலும் இதில் சிலது வரும். அதனால் ஒரு நாளின் எண்ணைவிட நான் போக்கைத்தான் பார்ப்பேன். ஏழாம் நாளுக்கும் பதினொன்றாம் நாளுக்கும் நடுவில் ஃபெரிட்டின் ஏழு மடங்கு, பிளேட்லெட் பாதிக்கும் கீழே, ஹீமோகுளோபின் மூன்றரைக்கு அருகில் சரிவு. இந்தப் போக்கைப் பார்த்துவிட்டு நான் காத்திருக்க மாட்டேன்.

டிங்கி மட்டும்தான் என்று யாராவது இன்னும் சொன்னால், ஒன்றைக் கவனியுங்கள். டிங்கியில் பொதுவாக ஏழு நாளுக்குள் காய்ச்சல் விட்டு, பிறகு பிளேட்லெட் தானாக ஏறத் தொடங்கும். நீர் கசிவதால் இரத்தம் கெட்டியாகும், நீர்த்துப் போகாது. தம்பிக்கு எல்லாம் தலைகீழாக நடக்கிறது. ஆனால் டிங்கியே எச்.எல்.எச்சைத் தூண்டிவிட்டிருக்கவும் முடியும். மூன்றாம் நாளில் இல்லை என்று வந்ததை வைத்து அதை ஒதுக்க முடியாது, ஆன்டிபாடி டெஸ்ட்டை இப்போது திரும்ப எடுக்கலாம்.

மஜ்ஜை ஊசி முதுகுத் தண்டில் போடுவது இல்லை

அம்மாவிடம் இதை உட்கார வைத்துச் சொல்லுங்கள். ஊசி போகும் இடம் இடுப்பின் பின்பக்கம், பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே கையால் தொட்டால் தட்டுப்படும் மேடான எலும்பு. அங்கே முதுகுத் தண்டும் இல்லை, காலுக்குப் போகும் நரம்பும் வழியில் இல்லை. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுத்தான் எடுப்பார்கள். உறிஞ்சும் அந்தச் சில நொடிகள் சுள்ளென்று வலிக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. மொத்தம் இருபது நிமிடம் ஆகும். பிளேட்லெட் 29,000 இருந்தாலும் செய்யலாம், எடுத்த இடத்தை நன்றாக அழுத்திப் பிடித்து, அவர் எடையே அழுத்தும்படி மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். ஃபைப்ரினோஜன் இன்னும் இறங்கினால் முன்கூட்டியே அதை ஈடுகட்டுவார்கள்.

மஜ்ஜையில் அணுக்களை விழுங்கிய மேக்ரோபேஜ் தெரிந்தால் சந்தேகம் உறுதியாகும். தெரியாவிட்டால் வியாதி இல்லை என்று ஆகாது, ஆரம்பத்தில் அது பல பேருக்குத் தெரிவதில்லை. அப்படியென்றால் ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். காரணத்தைத் தேடத்தான். பெரியவர்களுக்கு எச்.எல்.எச் சும்மா வராது, பின்னால் ஒன்று இருக்கும்: ஈபிவி போன்ற வைரஸ், காசநோய், பூஞ்சை, எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் போன்ற வியாதி, அல்லது லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். மாமா சொல்வதில் உண்மை அவ்வளவுதான். எச்.எல்.எச் என்பது புற்றுநோய் இல்லை, ஆனால் சிலருக்கு அதன் பின்னால் புற்றுநோய் ஒளிந்திருக்கும். யாரும் மறைக்கவில்லை, அவர்களுக்கே இன்னும் தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

உடம்பு முழுக்கப் பார்த்தார்களா?

நான் சொன்ன அந்தக் கேள்வி இதுதான். உங்கள் தம்பி குலை வெட்டுகிறவர், லாலான் புல்லில் நடக்கிறவர், மதியம் சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் சாக்கை விரித்து உட்காருகிறவர். அந்தப் புல்லிலும் எலி நடமாடும் புதரிலும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஓர் உண்ணிக் குஞ்சு இருக்கும். அது கடித்தால் ஸ்க்ரப் டைபஸ் வரும், தமிழ்நாட்டில் உண்ணிக் காய்ச்சல் என்பார்கள். கடித்து ஆறு நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் தொடங்கும், கடித்த ஞாபகம் யாருக்கும் இருக்காது, ஏனென்றால் வலிக்காது. எச்.எல்.எச்சைத் தூண்டும் காய்ச்சல்களில் இதுவும் ஒன்று.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், தம்பிக்குப் போடும் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. அது நம் செல்களுக்குள்ளே ஒளிந்து வாழும் கிருமி, பெனிசிலின் வகையறா எதற்கும் மசியாது. கேட்பது டாக்சிசைக்ளின், 100 மில்லிகிராம் காலையும் மாலையும், சாதாரண மாத்திரை. கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். (ஒரு பழைய மருந்து, குளோராம்ஃபெனிகால், ஸ்க்ரப் டைபஸைக் குணமாக்கும் என்று 1948ல் நிரூபித்தது நம் கோலாலம்பூரில்தான். நம் மண்ணில் இவ்வளவு காலமாகத் தெரிந்த வியாதி இது.)

சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா என்னிடம் வந்தார், 52 வயது, தோட்டத்தில் உரம் போடுகிறவர். பதின்மூன்றாவது நாள் காய்ச்சல், பிளேட்லெட் 18,000, ஃபெரிட்டின் எவ்வளவு என்று லேபால் எண்ணிச் சொல்ல முடியவில்லை, 40,000க்கு மேல் என்று மட்டும் எழுதி அனுப்பினார்கள். நாங்கள் எல்லோரும் லிம்ஃபோமாவைத் தேடிக்கொண்டிருந்தோம், ஸ்டீராய்டு ஆரம்பித்து இரண்டு நாள் ஆகியும் காய்ச்சல் அப்படியே இருந்தது. உடம்பு துடைத்துவிட்ட தாதிதான் என்னைக் கூப்பிட்டார். பாவாடை நாடா இறுக்கிக் கட்டும் இடத்தில், நாடாவுக்கு நேர் கீழே, சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு, சுற்றிச் சிவந்த வளையம், அரிப்பும் இல்லை வலியும் இல்லை. நான் இரண்டு தடவை அவரைப் பரிசோதித்திருந்தேன், நாடாவைத் தளர்த்திப் பார்க்கவில்லை. அன்று மாலையே டாக்சிசைக்ளின் கொடுத்தோம். இரண்டாம் நாள் இரவு காய்ச்சல் விட்டது, ஆறாம் நாள் பிளேட்லெட் ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஃபெரிட்டின் மட்டும் மெதுவாகத்தான் இறங்கியது, மூன்று வாரம் கழித்தும் 900 இருந்தது. கீமோ தேவைப்படவே இல்லை.

அதனால் நாளைக் காலை டாக்டர் ரவுண்டு வருவதற்குள், தாதியின் உதவியோடு தம்பியின் உடம்பை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்: அக்குள், தொடையிடுக்கு, விதைப்பை, இடுப்பில் அரைஞாண் கயிற்றுக்கு அடியில், முழங்காலின் பின்பக்கம், காதுக்குப் பின்னால், தலைமயிருக்குள். கறுத்த பொருக்கு கிடைத்தால் போட்டோ எடுத்துக் காட்டுங்கள். கிடைக்காவிட்டாலும் கேளுங்கள், நிறையப் பேருக்குப் பொருக்கே இருக்காது. "இவர் தோட்டத்தில் வேலை செய்கிறவர், ஸ்க்ரப் டைபஸுக்கும் எலிச் சிறுநீர்க் காய்ச்சலுக்கும் டெஸ்ட் அனுப்பினீர்களா, ரிசல்ட் வரும்வரை டாக்சிசைக்ளின் சேர்க்கலாமா?" இதே வாக்கியத்தைச் சொல்லுங்கள். ரிசல்ட்டுக்காகக் காத்திருந்து கொடுக்கும் மருந்து இல்லை இது. அவர்கள் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் நல்லது, கேட்டதில் யாருக்கும் கோபம் வராது.

ஸ்டீராய்டு பற்றிய பயம்

உங்கள் கேள்வி நியாயமானது. மற்ற காய்ச்சல்களில் கிருமி இருக்கும்போது ஸ்டீராய்டுக்கு நானும் யோசிப்பேன். இங்கே தம்பியின் உறுப்புகளைக் கெடுப்பதில் கிருமியைவிட, அடங்காத எதிர்ப்புச் சக்தியின் பங்கு பெரிது, அதைக் கீழே கொண்டுவர வேண்டும். வழக்கமான மருந்து டெக்ஸாமெதசோன், தம்பியின் உடல்வாகுக்கு நாளைக்குப் பதினாறு மில்லிகிராம் வரும். முழுத் திட்டப்படி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பாதியாக்கி எட்டு வாரம் கொடுப்பது உண்டு. காரணம் ஒரு கிருமி என்று தெரிந்து அதற்கான மருந்தும் வேலை செய்தால் சீக்கிரமே குறைத்துவிடுவார்கள். எதுவானாலும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

வரிசை முக்கியம். ஸ்டீராய்டு லிம்ஃபோமா செல்களைக் கரைத்துவிடும், பிறகு மஜ்ஜை எடுத்தால் ஒன்றும் தெரியாது. அதனால் முடிந்தால் முதலில் மஜ்ஜை, அன்றே ஸ்டீராய்டு. நீங்கள் கையெழுத்தைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் இரண்டையும் தள்ளிப்போடுகிறது. தம்பி மயங்கும் நிலைக்குப் போனால் மஜ்ஜைக்காகக் காத்திராமல் ஸ்டீராய்டை ஆரம்பித்துவிடுவார்கள், அதுவும் சரிதான்.

இன்னொன்றையும் ஞாபகப்படுத்துங்கள். வெறும் காலோடு மண்ணில் நடந்து வளர்ந்தவர்கள் குடலில் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு வருடக் கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும், ஸ்டீராய்டு கொடுத்ததும் அது உடம்பெல்லாம் பரவலாம். ஐவர்மெக்டின் கொடுத்தால் தடுக்கலாம். ஹெப்படைட்டிஸ் பி, காசநோய் பற்றியும் பார்த்துவிடுவார்கள்.

இரண்டு மூன்று நாளில் காய்ச்சலும் ஃபெரிட்டினும் இறங்காவிட்டால், எட்டோபோசைட் என்ற மருந்தைப் பற்றிப் பேசுவார்கள். அது கீமோ மருந்துதான். வெறிகொண்ட டி செல்களைக் கொல்வதற்காகக் கொடுப்பது, அந்தப் பெயரைக் கேட்டதும் புற்றுநோய் உறுதி என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

கூட்டிப் போவது, இடம் மாற்றுவது

தம்பி நினைவோடு இருக்கிறார் என்று போனில் சொன்னீர்கள். அப்படியானால் சம்மதம் சொல்ல வேண்டியவர் அவர்தான், மாமாவும் இல்லை, நீங்களும் இல்லை. அவரிடம் யாராவது முழுதாக விளக்கினார்களா என்று பாருங்கள். வேறு டாக்டரின் கருத்துக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இரத்தநோய் நிபுணர் அங்கே இல்லையென்றால், இருக்கும் ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் டாக்டரும் டாக்டரும் பேசி, ஆம்புலன்சில், ரிப்போர்ட்டோடு போக வேண்டும். சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டுக் காரில் ஏற்றினால், 29,000 பிளேட்லெட்டும் குறைந்த ஃபைப்ரினோஜனும் உள்ள ஒருவருக்கு வழியில் மூளையிலோ குடலிலோ இரத்தம் கசிந்தால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. புது இடத்தில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும், அதில் ஒன்றரை நாள் போய்விடும்.

பப்பாளி இலைச் சாற்றை இன்றே நிறுத்துங்கள், கொடுத்ததை வார்டில் சொல்லிவிடுங்கள். உற்பத்தியாகும் பிளேட்லெட்டையே உடம்பு விழுங்கிக்கொண்டிருக்கும்போது சாறு அதைத் தடுக்காது, அதோடு ஏற்கெனவே அடிபட்ட கல்லீரலில் எந்த மாற்றம் எதனால் வந்தது என்று டாக்டர்களுக்குக் குழப்பம் வரும். திட்டுவார்கள் என்று பயப்பட வேண்டாம், இதை அவர்கள் வாரத்தில் இரண்டு தடவை கேட்கிறவர்கள்.

பக்கத்தில் இருக்கும்போது நீங்கள் கவனிக்க வேண்டியவை: பேச்சு குழறுவது, ஆளை மாற்றிச் சொல்வது, தூங்கிக்கொண்டே இருப்பது, வலிப்பு, ஈறில் இரத்தம், கறுத்த மலம், மூச்சு வாங்குவது, சிறுநீர் குறைவது. இதில் எது வந்தாலும் ரவுண்டுக்குக் காத்திராமல் உடனே கூப்பிடுங்கள். நல்ல அறிகுறி எதுவென்றால், முதலில் காய்ச்சல் விடும், அப்புறம் ஃபெரிட்டின் இறங்கத் தொடங்கும், பிளேட்லெட் ஏறும், ஹீமோகுளோபின் எல்லாவற்றுக்கும் கடைசி. ஹீமோகுளோபின் ஏறவில்லையே என்று முதல் வாரத்தில் மனம் உடைய வேண்டாம். சிவப்பணு படியும் வேகத்தைச் சொல்லும் ஈ.எஸ்.ஆர் திடீரென்று குறைந்தால் மட்டும் அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஃபைப்ரினோஜன் கரைந்தாலும் அந்த எண் இறங்கும்.

பிள்ளைகளுக்கு வருமா என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். பரம்பரையாக வரும் எச்.எல்.எச் பெரும்பாலும் கைக்குழந்தையிலேயே தலைகாட்டும். 38 வயதில், தெளிவான ஒரு கிருமியின் பின்னால் ஒரு முறை வந்தால் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் மரபணு டெஸ்ட் பற்றிப் பேசலாம்.

கடைசியாக ஒன்று. பொருக்கு கிடைத்தாலோ ஸ்க்ரப் டைபஸ் என்று ரிசல்ட் வந்தாலோ, தம்பியோடு அதே நிரையில் குலை வெட்டியவர்கள் யாருக்காவது காய்ச்சல் இருக்கிறதா என்று மண்டோரிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். இருந்தால் பெனடால் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திராமல், அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் எந்த நிரையில் வேலை செய்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.